கண் மஞ்சளாகவில்லை என்பதால் ஈரல் நன்றாக இருக்கிறது என்று ஆகாது

கேள்வி:

டாக்டர், நாங்கள் குழித்துறைப் பக்கம். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். போன லீவுக்கு வந்தபோது பிஜியிலிருந்து கவா என்று ஒரு வேர்த்தூள் கொண்டுவந்தான். வீட்டுக்காரருக்கு 61 வயது, ராத்திரி தூக்கம் கிடையாது. இரண்டு மாதமாக அந்தத் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார். சுகருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை உண்டு. வாரக் கடைசியில் இரண்டு பெக்கும் உண்டு. எனக்கு முட்டுவலி. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகள், பக்கத்து வீட்டுத் தோட்டத்துக் காம்ஃப்ரே இலையையும் வேரையும் காயவைத்து அனுப்பினாள். கூடவே ஒரு களிம்பும். மூன்று மாதமாகத் தினம் இரண்டு கப் கஷாயம் குடிக்கிறேன். கொஞ்ச நாளாக அவருக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, ஒரே அசதி. எனக்கு வயிறு உப்பலாக இருக்கிறது, எடை 3 கிலோ கூடிவிட்டது. இரண்டு பேருக்கும் கண் மஞ்சளாகவில்லை. இயற்கை மூலிகைதானே, தொடரலாமா?

பதில்:

இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள் அக்கா. படிப்படியாகக் குறைப்பதெல்லாம் வேண்டாம். கவாவை விட்டால் அண்ணனுக்குச் சில ராத்திரி தூக்கம் மோசமாக இருக்கலாம், பரவாயில்லை. நாளைக் காலையிலேயே இரண்டு பேரும் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். நீங்கள் எழுதிய அறிகுறிகளுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு மூலிகைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "கண் மஞ்சளாகவில்லை" என்பதுதான். நம்மூரில் ஈரல் என்றாலே மஞ்சள்காமாலை என்றுதான் நினைக்கிறோம். நீங்கள் இருவரும் குடித்த மூலிகைகள் ஈரலை வெவ்வேறு வழியில் கெடுப்பவை. ஒன்றில் மஞ்சள் தாமதமாக வரும். இன்னொன்றில் வயிறு வீங்கி நிற்கும்போதுகூடக் கண் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கலாம்.

முதலில் உங்கள் கஷாயம். காம்ஃப்ரே இங்கிலாந்துத் தோட்டங்களில் சாதாரணமாக வளரும் செடி. எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் வெளிப்பூச்சாக ஐரோப்பாவில் நெடுங்காலமாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் உங்கள் மகளும் அனுப்பியிருப்பார். வம்பு, அதை உள்ளே குடிப்பதில் இருக்கிறது. இந்தச் செடியில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற வகை நச்சுப் பொருள்கள் இருக்கின்றன. இலையைவிட வேரில் பல மடங்கு அதிகம். செடியில் இருக்கும் நிலையில் அவை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நம் ஈரல் அவற்றை உடைத்து வெளியேற்றப் பார்க்கும்போதுதான் நச்சாக மாறுகின்றன. மாறிய இடத்திலேயே, அதாவது ஈரலுக்குள் இருக்கும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் உள்சுவரைப் புண்ணாக்குகின்றன. சுவர் வீங்கி, உரிந்து, குழாய் அடைபடும். குடலிலிருந்து ஈரலுக்கு வரும் ரத்தம் மேலே போக வழியில்லாமல் தேங்கும். தேங்கிய அழுத்தத்தில் நீர் கசிந்து வயிற்றுக்குள் சேரும்.

இதனால்தான் இந்தப் பாதிப்பு வாயு, உப்பல் என்ற வேஷத்தில் வருகிறது. சாப்பாடு கூடாமலேயே எடை ஏறும். பாவாடை நாடா, சேலைக் கட்டு இறுகும். வலது விலாவுக்குக் கீழே கனமாகவோ வலியாகவோ இருக்கும். கால் வீங்கலாம். ஈரல் செல்கள் நேரடியாக அழிவது ஆரம்பத்தில் குறைவாக இருக்கலாம் என்பதால், மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபின் ரத்தத்தில் கொஞ்சம்தான் கூடியிருக்கும், கண்ணில் தெரியாது. வயிற்றில் நீர் சேர்ந்த பிறகும், "காமாலை இல்லையே" என்று ஜீரண மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இந்த நச்சு ஒரு நாளில் வேலையைக் காட்ட வேண்டும் என்று இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். நேற்றுவரை ஒன்றும் செய்யவில்லை என்பது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2001-இல், உள்ளே சாப்பிடும் பொருள்களிலிருந்து காம்ஃப்ரேயை விலக்கும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. இதே ஆல்கலாய்டு குடும்பம் நம்மூர்ச் செடிகளிலும் இருக்கிறது. வயல் வரப்பில் நிற்கும் தேள்கொடுக்கும், காய் குலுங்கும் கிலுகிலுப்பையும் அந்த வகைதான். 1975-76-இல் மத்திய இந்தியாவின் சர்குஜா பகுதியில் ஊர் ஊராக வயிறு வீங்கிப் பலர் இறந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட சிறுதானியத்தில் கிலுகிலுப்பை இனத்து விதைகள் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. மருந்தாக அதை அவர்கள் குடிக்கவில்லை, கஞ்சியோடு போனதே போதுமாக இருந்தது.

இன்னொரு காரணத்துக்காகவும் அந்த இலைப் பொட்டலம் எனக்குப் பிடிக்கவில்லை. காம்ஃப்ரே பூக்காத பருவத்தில் டிஜிட்டாலிஸ் செடியின் இலை மாதிரியே இருக்கும். டிஜிட்டாலிஸ் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. காம்ஃப்ரே என்று நினைத்து டிஜிட்டாலிஸ் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஐரோப்பாவில் உண்டு. மூன்று மாதம் குடித்தும் உங்களுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை, அதனால் இலை காம்ஃப்ரேயாகத்தான் இருக்கும். ஆனாலும் குமட்டல், மங்கலான பார்வை, நாடி விட்டுவிட்டு அடிப்பது என்று ஏதாவது இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு இசிஜி எடுத்துவிடுவார்.

களிம்பு? புண்ணோ கீறலோ இல்லாத தோலில், சில வாரம் மட்டும் பூசினால் உள்ளே போகும் அளவு மிகக் குறைவு. ஆனால் இப்போது உங்கள் ஈரலைப் பற்றிச் சந்தேகம் இருக்கிறது. பரிசோதனை முடிவு வரும்வரை அதையும் மூடி வையுங்கள்.

இனி அண்ணன் விஷயம். கவா பசிபிக் தீவுகளின் செடி. நம் மிளகுக்கும் வெற்றிலைக்கும் சொந்தக்காரன், அதே இனம். பிஜி, வனுவாட்டு, டோங்கா போன்ற தீவுகளில் அதன் வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து, சபையில் உட்கார்ந்து குடிப்பது பழைய வழக்கம். பதற்றத்தைத் தணிக்கும், உடம்பைத் தளர்த்தும், தூக்கம் வரும். இது உண்மைதான், அதனால்தான் 1990-களில் ஐரோப்பாவில் மாத்திரையாக விற்பனை ஓடியது. பிறகு ஈரல் கெட்டவர்களின் கதைகள் வரத் தொடங்கின. சிலருக்கு ஈரலையே மாற்ற வேண்டி வந்தது. 2002-இல் ஜெர்மனி அதன் உரிமத்தை ரத்து செய்தது. அதே வருடம் அமெரிக்கா நுகர்வோரை எச்சரித்தது. ஜெர்மனியின் தடையை 2014-இல் அங்குள்ள நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது. இவ்வளவு இழுபறிக்குக் காரணம், குடிப்பவர்களில் மிகச் சிலருக்கே இது வருகிறது என்பதுதான். ஆனால் வரும் சிலருக்கு மோசமாக வருகிறது, அது யார் என்று முன்கூட்டிச் சொல்லும் வழியும் இல்லை. தீவில் தாத்தா காலத்திலிருந்து குடிக்கிறார்களே என்று மகன் சொல்லியிருப்பான். அங்கேயும் நிறையக் குடிப்பவர்களுக்குத் தோல் செதிலாக உரிவதும், ரத்தத்தில் ஈரல் நொதிகள் ஏறுவதும் உண்டு.

அண்ணனுக்கு ஆபத்தைக் கூட்டும் விஷயம் மதுவும் மாத்திரைகளும். மருந்துகளை உடைக்கும் ஈரல் நொதிகள் சிலவற்றைக் கவா தடுக்கும். அப்போது மற்ற மருந்துகள் உடம்பில் வழக்கத்தைவிட அதிகம் தங்கலாம். கொலஸ்ட்ரால் மாத்திரையும் தனியாகவே எப்போதாவது ஈரலைத் தொடக்கூடியது. அதற்காக மாத்திரைகளை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், சுகர் மாத்திரையை முக்கியமாக. எதை நிறுத்துவது என்று ரத்த முடிவைப் பார்த்து டாக்டர் சொல்வார். மது மட்டும் இன்று முதல் ஒரு துளிகூட வேண்டாம்.

கவாவின் பாதிப்பு பெரும்பாலும் தொடங்கி இரண்டு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும். இது ஈரல் செல்களையே அழற்சிக்குள்ளாக்கும் வகை, வைரஸ் காமாலை போலவே நடக்கும். வரிசை எப்படி என்று என்னிடம் வந்த ஒருவரின் விஷயத்தை வைத்துச் சொல்கிறேன். ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் தக்கலைப் பக்கத்துக்காரர், 50-ஐ ஒட்டிய வயது. வெளிநாட்டு உறவினர் கொடுத்த தூக்க மாத்திரைப் பாட்டிலில் கவா சாறு என்று அச்சிட்டிருந்தது. லேபிளில் ஒன்று என்று இருந்தாலும் ராத்திரி மூன்று போட்டார். ஐந்தாவது வாரம் பசி போனது. மீன் பொரிக்கும் வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார், அதுவரை மீனில்லாமல் சோறு இறங்காத மனிதர். ஆறாவது வாரம் சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனது. வெயில், தண்ணீர் குறைவு என்று நினைத்து இளநீர் குடித்தார். நிறம் மாறவில்லை. பிறகு உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்தது. அதற்கும் நாலைந்து நாள் கழித்துத்தான் கண்ணில் மஞ்சள் தெரிந்தது.

அப்போதும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், உப்பில்லாப் பத்தியம் வைத்தார்கள். கீழாநெல்லியால் அவருக்குக் கெடுதல் வந்தது என்று நான் சொல்லவில்லை. பத்து நாள் போனதுதான் கெடுதல். அந்தப் பத்து நாளும், அசதியில் தூக்கம் வரட்டும் என்று கவா மாத்திரை பாதி நாள் தொடர்ந்தது. அதைக் காமாலைக்குக் காரணமாக யாரும் நினைக்கவில்லை. அது மருந்து இல்லையே, மூலிகைதானே! கடைசியில் பகலில் தூங்கி, ராத்திரி முழித்துக்கொண்டு, மகளின் பெயரை மாற்றிக் கூப்பிட்ட நாள்தான் ஆட்டோ பிடித்தார்கள். ஆயிரத்தைத் தாண்டியிருந்தது எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதி. சாதாரணமாக 40-ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும். பிலிரூபின் 14. ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐஎன்ஆர் 1-ஐ ஒட்டி இருக்க வேண்டியது 2-ஐத் தாண்டியிருந்தது. ஈரல் மாற்று வசதியுள்ள ஊருக்கு அன்றைக்கே அனுப்பினோம். மாற்று தேவைப்படாமல் பிழைத்தார். சிறுநீர் நிறம் மாறிய வாரமே வந்து மாத்திரையை நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே சரியாகியிருக்கும்.

அண்ணன் இப்போது அந்த ஐந்தாவது வாரத்தில் நிற்கிறாரோ என்பதுதான் என் பயம். நாளைக் காலை முதல் சிறுநீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கழிப்பறையில் தண்ணீரோடு கலந்து போவதைப் பார்த்து நிறம் சொல்ல முடியாது. இரண்டு செம்புத் தண்ணீர் குடித்த பிறகும் அடர்த்தியாகவே போனால் அது வெயில் இல்லை. வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பழுப்பு கலந்த நிறம்தான் சங்கதி.

உங்களுக்குப் பார்க்க வேண்டியது வேறு. காலையில் கழிப்பறை போய்வந்து, சாப்பிடும் முன் எடை பாருங்கள். தையல் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி அளவெடுங்கள். இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாயு உப்பல் என்றால் ராத்திரி கூடும், காலையில் குறையும். நீர் என்றால் நாளுக்கு நாள் ஏறும், காலையிலும் குறையாது. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் சற்று நேரம் அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பரிசோதனையில் இரண்டு பேருக்கும் ஈரல் செயல்பாட்டுச் சோதனை முழுவதும் வேண்டும். ஆல்புமின், ஐஎன்ஆர், ரத்தத் தட்டணு எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். சில லேப்களில் எல்எஃப்டி என்றால் நொதியும் பிலிரூபினும் மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். உங்களுக்கு அது போதாது. நொதி கொஞ்சமாகக் கூடியிருக்கும்போதே ஈரலுக்குள் ரத்தம் தேங்கியிருக்கலாம். அதைப் பார்க்க வயிற்று ஸ்கேன், அதோடு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் எடுக்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்துக்குப் போவது நல்லது. வெறும் ஸ்கேன் மட்டும் எடுத்து நார்மல் என்று சொன்னால், டாப்ளர் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

வைரஸ் காமாலைகளுக்கான சோதனையும் எடுப்பார்கள். மழைக்காலம், ரப்பர் தோட்டம், வயல் என்று நடமாடுகிறவர்கள் நாம், ஆகையால் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ இருந்தால் எலிக்காய்ச்சலுக்கும் பார்ப்பார்கள். மூலிகைதான் காரணம் என்று நேரடியாகக் காட்டும் ரத்தச் சோதனை வழக்கத்தில் இல்லை. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி, நாள் கணக்கைப் பொருத்திப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வருவோம். ஆகவே கவாத் தூள், இலை, வேர், களிம்பு எல்லாவற்றையும் கவரோடு எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்ன அறிகுறி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். திட்டினாலும் திட்டட்டும். வைத்தியசாலையிலிருந்து வாங்கும் சூரணம், லேகியம், முட்டுவலிக்குப் போடும் வலி மாத்திரை எல்லாமே அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

முடிவு வந்ததும் எப்படிப் படிப்பது? நொதி கொஞ்சம் கூடி, பிலிரூபினும் ஐஎன்ஆரும் சரியாக இருந்து, ஸ்கேனும் தெளிவாக இருந்தால், மூலிகையை நிறுத்தி வாரம் ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும், எண்கள் இறங்க வேண்டும். எஸ்ஜிபிடி இயல்பின் மேல் எல்லையைப்போல மூன்று மடங்கைத் தாண்டி, பிலிரூபினும் இரு மடங்கைத் தாண்டினால் அது தீவிரமான நிலை, ஈரல் நிபுணரிடம் போக வேண்டும். ஐஎன்ஆர் 1.5-ஐத் தாண்டினால் படுக்கையில் சேர்க்கச் சொல்வார்கள், மறுக்காதீர்கள். கவா நிறுத்திய பிறகு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் சரியாகும். காம்ஃப்ரே பாதிப்பைச் சீக்கிரம் கண்டால் மீள வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. நீண்ட நாள் தொடர்ந்துவிட்டால் ஈரல் சுருங்கிப்போகலாம். இந்த இரண்டுக்குமே தனியான முறிவு மருந்து கிடையாது. சரியான பிறகு ஒரு தடவை மட்டும் போட்டுப் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்பார். கூடாது. இரண்டாவது முறை சில நாளிலேயே, முன்னைவிடக் கடுமையாக வரக்கூடும்.

இதற்கிடையில் கீழே சொல்வதில் ஒன்று வந்தாலும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்: பேச்சு குழறுவது, பகலும் ராத்திரியும் மாறித் தூங்குவது, நீட்டிய கை படபடவென்று ஆடுவது, ஈறில் ரத்தம், கருப்பாக மலம், ரத்த வாந்தி, வீங்கிய வயிற்றோடு காய்ச்சல்.

சாப்பாட்டில் உங்கள் இருவருக்கும் ஒரே பத்தியம் இல்லை. உங்களுக்கு நீர் கோத்திருக்கலாம் என்பதால் கருவாடு, ஊறுகாய், பப்படம் வேண்டாம், குழம்பில் உப்பைப் பாதியாக்குங்கள். அண்ணனுக்கு வயிறும் காலும் வீங்காத வரை உப்பைத் தள்ள வேண்டியதில்லை. பசியில்லாதவருக்கு உப்பில்லாமல் கொடுத்தால் இருக்கிற சோறும் இறங்காது. சுகர் மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். முட்டுவலி தாங்காமல் பாராசிட்டமால் போடத் தோன்றும். ரிசல்ட் வரும்வரை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். வேறு வலி மாத்திரை அதைவிட மோசம், வயிற்றில் நீர் இருந்தால் சிறுநீரகத்தையும் இழுத்துவிடும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இதைப் படித்துவிட்டு மீன்கறியில் போடும் குடம்புளிக்கும் பயம் வந்துவிடும் சிலருக்கு. இப்போதெல்லாம் இதே குடம்புளியின் சாற்றை உடம்பு குறைக்கும் மாத்திரையாக விற்கிறார்கள், கார்சீனியா என்று லேபிளில் இருக்கும். அந்த மாத்திரையால் ஈரல் கெட்டவர்கள் உண்டு. கறியில் போடும் இரண்டு சுளை வேறு, சாற்றை இறுக்கிக் குப்பியில் அடைத்துத் தினம் விழுங்குவது வேறு. கறியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

மூலிகைதான் காரணம் என்று டாக்டருக்குத் தோன்றினால், இந்திய மருந்து விழிப்புப் பணித் திட்டத்துக்கு அறிக்கை அனுப்பச் சொல்லுங்கள். நீங்களே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். அண்ணனின் தூக்கத்துக்கும் உங்கள் முட்டுக்கும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் ஈரல் நிலவரம் தெரியாமல் எந்த மருந்தையும் நான் எழுத மாட்டேன். ரிசல்ட்டோடு இன்னொரு கடிதம் போடுங்கள்.

மகளிடம் இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டாக்டருக்குக் காட்டிய பிறகு மிச்சமிருக்கும் இலையையும் வேரையும் எருக்குழியில் போடலாம், இங்கிலாந்திலும் அதை உரமாகப் போடுகிறவர்கள் அதிகம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் போட்டுவிடாதீர்கள், அதுகளுக்கும் ஈரல் உண்டு.